முப்பது வினாடி சுயஅறிமுக வீடியோ: எழுதுவது முதல் இணையத்தில் ஏற்றுவது வரை, டெல்டாவில் இருந்து வேலை தேடுபவர்களுக்கு

திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ ஒரு நிறுவனம் கணக்குப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று அறிவித்தால், வந்து குவியும் ரெஸ்யூம்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். பி.காம், டேலி, எம்.எஸ். ஆபீஸ், தட்டச்சு. அவற்றைப் புரட்டும் ஹெச்.ஆர். ஒவ்வொன்றிலும் தேடுவது ஒரே கேள்விக்கான பதிலைத்தான்: நம்மிடம் இருக்கும் இந்த வேலையை இவர் ஏற்கெனவே செய்திருக்கிறாரா? முப்பது வினாடி வீடியோ அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். வேலை வாங்கித் தருவது அதன் பொறுப்பு அல்ல. பார்த்தவர் உங்கள் ரெஸ்யூமைத் திறக்க வேண்டும், போனில் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

பேசுவதற்கு எதை எழுதுவது என்பதில்தான் இந்த வீடியோவின் முக்கால் வேலையும் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியிலும் அதற்கே அதிக இடம். கேமராவும் வெளிச்சமும் பின்னால் வரும்.

ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவோம். மன்னார்குடிப் பக்கம் ஒரு பெண். அரசுக் கல்லூரியில் பி.காம் முடித்தவர். இரண்டு வருடமாக ஒரு அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறார். திருச்சியில் கொஞ்சம் பெரிய நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போக நினைக்கிறார். லிங்க்ட்இன்னில் பக்கம் தொடங்கிவிட்டார், படம் போட்டுவிட்டார், வீடியோ மட்டும் பாக்கி.

முதல் படி: பார்ப்பவர் யார் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"எல்லோருக்கும்" என்று எடுக்கும் வீடியோ யாருக்கும் பொருந்தாது. நம் உதாரணப் பெண் எழுத வேண்டிய வரி இதுதான்: "திருச்சியில், பொருள் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில், மாதக் கணக்கை முடிக்கத் தெரிந்த ஆளைத் தேடும் அக்கவுண்ட்ஸ் மேலாளர்." இந்த வரியை எழுதியவுடனேயே பாதி விஷயங்கள் தானாக உதிர்ந்துவிடும். அந்த மேலாளருக்கு இவருடைய அப்பா பெயர் வேண்டாம். தம்பி என்ன படிக்கிறான் என்பது வேண்டாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் வேண்டாம்.

எந்த மொழியில் பேசுவது என்பதையும் இந்த வரியே முடிவு செய்துவிடும். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் இருக்கும் ஆடிட்டர் அலுவலகம், ஆலை, மொத்த வியாபாரம் என்றால் தமிழ் போதும், தமிழ்தான் நல்லதும்கூட. சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள நிறுவனம் என்றால் ஆங்கிலத்தில் ஒன்று தனியாக எடுங்கள். ஒரே வீடியோவில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று கலந்தால் இரண்டு பக்கமும் நிற்காது. ஆங்கில வீடியோ பற்றி ஒரு எச்சரிக்கை: அதில் காட்டும் ஆங்கிலத்தை நேர்முகத் தேர்விலும் எதிர்பார்ப்பார்கள். யாரோ எழுதிக்கொடுத்த பளபளப்பான வாக்கியத்தை மனப்பாடம் செய்து பேசிவிட்டு, நேரில் முதல் கேள்விக்கே தடுமாறினால் வீடியோ எடுக்காமல் இருந்ததைவிட மோசம். நீங்களே தினமும் சொல்லும் சொற்களை மட்டும் வைத்து, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

இரண்டாம் படி: சொல்வதற்கு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

"நான் கடின உழைப்பாளி", "நேரம் தவறாதவள்", "புதியதைக் கற்றுக்கொள்வதில் ஆர்வம் உள்ளவள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொய் என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் அதை வைத்து ஒருவரையும் இன்னொருவரையும் பிரித்துப் பார்க்க முடியாது. அந்த வேலையைச் செய்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். ஆலையில் என்ன வேலை என்று கேட்டால் அவர் முதலில் சொல்லும் பதில் "டேலி போடுவேன்" என்பதாகத்தான் இருக்கும். அங்கேயே நிற்காமல் இன்னும் தோண்ட வேண்டும். நேற்று காலையில் போய் உட்கார்ந்ததும் முதலில் எதைத் திறந்தீர்கள்? மாதக் கடைசியில் எதனால் வீட்டுக்குப் போக நேரமாகிறது? ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்து எதற்காகத் திரும்பத் திரும்பப் போன் வந்தது? இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் சரக்கு இருக்கும்.

அரிசி ஆலைக் கணக்கில் உண்மையாகவே ஒரு சிக்கல் உண்டு. முன்கூட்டியே அடைத்து லேபிள் போட்ட 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது இதனால்தான். ஆலையில் அதே நெல், அதே அரிசி, அதே ரகம். ஆனால் ஒரு பைக்கு வரி போட்டு பில், இன்னொரு மூட்டைக்கு வரியில்லாத பில். டேலியில் இரண்டையும் ஒரே சரக்காக வைத்திருந்தால், பில் போடுபவர் ஒவ்வொரு முறையும் ஞாபகம் வைத்து வரியைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டும். எங்காவது ஒரு நாள் தவறும். மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர்கள் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைப் போட வேண்டும். அந்த நேரத்தில் தொகை ஒத்துவராமல் ஆடிட்டரிடம் இருந்து திரும்பி வரும்.

நம் உதாரணப் பெண் செய்தது இதுதான்: 25 கிலோ பை ஒரு சரக்கு, 26 கிலோ மூட்டை வேறு சரக்கு என்று டேலியில் தனித்தனியாக உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய வரியை அதிலேயே பதிந்துவைத்தார். பில் போடுபவர் சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும், வரி தானாக வரும். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் கணக்கு தெரிந்த எந்த மேலாளரும் இதைக் கேட்ட மறு நொடியே, "இந்தப் பெண் நிஜமாகவே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறாள்" என்று தெரிந்துகொள்வார். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னும் வேலைக்கே போகாதவர்கள், "என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். சம்பளம் வாங்கியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, செய்திருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்த பையன் சம்பா அறுவடையில் மாமாவின் கதிர் அறுக்கும் மெஷினோடு வயலுக்குப் போய், அறுந்த பெல்ட்டை மாற்றி, சங்கிலியைத் தளர்த்தி இறுக்கியிருந்தால், அவன் சொல்ல வேண்டியது அதைத்தான். "கடைசி வருடம் புராஜெக்ட் செய்தேன்" என்பதைவிட, எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தான், எதை மாற்றினான் என்ற மூன்றும் வலுவானவை. அப்படி எதுவுமே இல்லை என்றால் வீடியோவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு மாதம் யாரிடமாவது உட்கார்ந்து ஏதாவது ஒரு வேலையைச் செய்துவிட்டு வருவதே நல்லது என்பது என் கருத்து.

டிஎன்பிஎஸ்சிக்குப் படித்ததில் இரண்டு, மூன்று வருடம் போனவர்கள் நம் பக்கம் நிறைய. அந்த இடைவெளியை வீடியோவில் விளக்க வேண்டாம். விளக்க ஆரம்பித்தால் முப்பது வினாடியும் அதிலேயே போய்விடும், கேட்பவர் மனதிலும் அதுதான் தங்கும். ரெஸ்யூமில் வருடங்களை மறைக்காமல் போடுங்கள். நேரில் கேட்டால் நேராகச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: எழுதுங்கள், பிறகு வெட்டுங்கள்

யாரிடம் எழுதச் சொன்னாலும் முதல் தாள் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்:

> "வணக்கம். எனது பெயர் ———. எனது சொந்த ஊர் திருவாரூர் மாவட்டம் மன்னார்குடி. என் தந்தை விவசாயி, தாய் இல்லத்தரசி, எனக்கு ஒரு தம்பி உள்ளார். நான் பி.காம் பட்டப்படிப்பை முதல் வகுப்பில் முடித்துள்ளேன். எனக்கு டேலி, எம்.எஸ். ஆபீஸ், தட்டச்சு தெரியும். நான் கடின உழைப்பாளி. வாய்ப்பு அளித்தால் தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன். நன்றி."

கல்யாணத்துக்குக் கொடுக்கும் பயோடேட்டாவின் சாயல் இதில் இருக்கிறது. குடும்பம் முதலில், படிப்பு அடுத்து, குணம் கடைசியில். வேலை எங்கேயும் இல்லை. பேச ஆரம்பித்துப் பாதி நேரம் ஆன பிறகும் இவர் என்ன செய்வார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதுவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

மாற்றி எழுதும்போது நான்கு பகுதி போதும். நான் யார், இப்போது என்ன செய்கிறேன். அந்த வேலையில் நான் செய்த ஒன்று. அதனால் என்ன மாறியது. எனக்கு என்ன வேலை, எந்த ஊரில் வேண்டும். இரண்டாவது பகுதிக்கு மட்டும் இரண்டு, மூன்று வாக்கியம் கொடுங்கள். மற்றவற்றுக்கு ஆளுக்கு ஒன்று.

இரண்டாவது தாள் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

> "வணக்கம், நான் ———. பி.காம் முடிச்சிருக்கேன், தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணிருக்கேன். 2023-லேருந்து மன்னார்குடியில ஒரு அரிசி ஆலையில கணக்கு பாக்குறேன். டேலி, எக்செல் ரெண்டும் நல்லா தெரியும். நெல் வரவுலேருந்து அரிசி பில் வரைக்கும் டேலியில நான்தான் போடுறேன். 25 கிலோ பைக்கு ஜிஎஸ்டி உண்டு, 26 கிலோ மூட்டைக்குக் கிடையாது. முன்னாடி ரெண்டும் ஒண்ணா இருந்ததால மாசக் கடைசியில கணக்கு ஒத்துவராம ஆடிட்டர் திருப்பி அனுப்புவாங்க. நான் ரெண்டையும் தனித்தனி சரக்கா பிரிச்சு வெச்சேன். இப்ப மாசக் கணக்கு ஒரே தடவையில முடியுது. திருச்சியில அக்கவுண்ட்ஸ் வேலை தேடுறேன். வாய்ப்பு கொடுத்தா நல்லா பண்ணுவேன். நன்றி."

நல்ல தாள்தான். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் நாற்பது வினாடியைத் தொட்டுவிடும். இங்கேதான் கணக்கு வருகிறது. நிதானமாகப் பேசினால் தமிழில் முப்பது வினாடிக்கு ஏறக்குறைய 50 சொல்லுக்குத்தான் இடம். ஆங்கிலத்தில் 65, 70 வரை போகலாம். தமிழில் "வரவுலேருந்து", "ஒத்துவராம" என்று ஒவ்வொரு சொல்லும் நீளமாக வருவதால் எண்ணிக்கை குறைகிறது. சொல்லை எண்ணுவது ஒரு தோராயத்துக்குத்தான். கடைசித் தீர்ப்பு போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தால் எப்போதும் சில வினாடி குறைவாகக் காட்டும், அதனால் எதிரே ஆள் இருப்பது போல உரக்கச் சொல்லிப் பாருங்கள். 27 அல்லது 28 வினாடியில் முடிய வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு நொடி மூச்சு விட இடம் வேண்டும்.

எதை வெட்டுவது? ரெஸ்யூமில் இருப்பதை முதலில். பி.காம், தட்டச்சு, எக்செல் எல்லாம் அங்கே இருக்கிறது. ஆண்டையும் எடுத்துவிடுங்கள். எழுத்தில் நாலு இலக்கம், வாயில் "ரெண்டாயிரத்து இருபத்து மூணு". "ரெண்டு வருஷமா" என்றால் போதும். "முன்னாடி" என்று தொடங்கும் வாக்கியமும் போகட்டும். அது நீளம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பழைய ஏற்பாட்டையும் அதனால் ஆலையையும் குறை சொல்வது போலக் கேட்கும். இன்றைய முதலாளியைப் பற்றிக் குறை சொல்பவர் நாளை நம்மைப் பற்றியும் சொல்வார் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். "வாய்ப்பு கொடுத்தா" வாக்கியம் எதையும் சொல்லவில்லை. அந்த இடத்தில், அடுத்து பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

வெட்டிய பிறகு:

> "வணக்கம், நான் ———. மன்னார்குடியில ஒரு அரிசி ஆலையில ரெண்டு வருஷமா கணக்கு பாக்குறேன். நெல் வரவுலேருந்து அரிசி பில் வரைக்கும் டேலியில நான்தான் போடுறேன். 25 கிலோ பைக்கு ஜிஎஸ்டி உண்டு, 26 கிலோ மூட்டைக்குக் கிடையாது. ரெண்டும் கலந்துபோகாம தனித்தனி சரக்கா பிரிச்சு வெச்சேன். இப்ப மாசக் கணக்கு ஆடிட்டர்கிட்ட ஒரே தடவையில முடியுது. திருச்சியில அக்கவுண்ட்ஸ் வேலை தேடுறேன். என் ரெஸ்யூம் இந்தப் பக்கத்துலயே இருக்கு."

கிட்டத்தட்ட 50 சொல்தான் வருகிறது. 28 வினாடிக்குள் பேசலாம். "நன்றி" விடுபட்டதே என்று சிலருக்கு மனசு கேட்காது. நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். "ஒரே தடவையில முடியுது" என்று சொன்னால் அது உண்மையாக இருக்க வேண்டும். இரண்டு மாதம் முடிந்தது, மூன்றாவது மாதம் திரும்பி வந்தது என்றால் "முன்ன மாதிரி திரும்பி வர்றது குறைஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். சதவீதக் கணக்கு எல்லாம் வேண்டாம். "பிழைகளை 80 சதவீதம் குறைத்தேன்" என்றால் எப்படி அளந்தீர்கள் என்று நேர்முகத்தில் முதல் கேள்வியே வரும்.

நான்காம் படி: எழுத்தில் இருந்து வாய்க்கு மாற்றுங்கள்

மேலே உள்ள தாள் பேச்சு வழக்கில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "முடித்துள்ளேன்", "பணிபுரிந்து வருகிறேன்" என்று எழுதிவைத்தால் அப்படியே ஒப்பிப்பீர்கள், செய்தி வாசிப்பது போல இருக்கும். நீங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். தஞ்சாவூர்ப் பேச்சின் சாயலை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர் எல்லை தாண்டினால் புரியாத சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். "நாலு மா நடவுக்குக் கூலிக் கணக்கு எழுதினேன்" என்றால் திருவாரூரில் எல்லோருக்கும் புரியும். கோயம்புத்தூரில் ஒருவர் "நாலு மா என்றால் எவ்வளவு?" என்று யோசிக்கத் தொடங்குவார், அதற்குள் அடுத்த இரண்டு வாக்கியம் போய்விடும். ஏக்கரில் சொல்லுங்கள்.

எழுதியதை மனப்பாடம் செய்வதைவிட, நான்கு பகுதிக்கும் ஒவ்வொரு சொல்லைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆலை, 25-26, ஆடிட்டர், திருச்சி. அதைப் பார்த்தபடியே வீட்டில் யாரிடமாவது சொல்லிக் காட்டுங்கள். சொல்லும்போது எந்த இடத்தில் நாக்கு தடுக்கிறதோ அந்த வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும். நூறு முறை பயிற்சி செய்தாலும் தடுக்கும் வாக்கியம் தடுத்துக்கொண்டேதான் இருக்கும். கேட்டவரிடம் "நான் என்ன வேலை பார்க்கிறேன், என்ன வேலை தேடுகிறேன்?" என்று திருப்பிக் கேளுங்கள். கணக்கு தெரியாத அத்தைகூட அந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் தாள் தயார்.

ஐந்தாம் படி: பதிவு

போன் போதும். முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் மூடிவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அது ஓடும் அறையில் எடுத்தால் பேச்சுக்குப் பின்னால் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். டைல்ஸ் போட்ட காலி ஹாலில் குரல் எதிரொலிக்கும். மெத்தையும் துணிமணியும் இருக்கும் படுக்கை அறையில் எதிரொலி அடங்கும். கம்பி வைத்த இயர்போனின் மைக் இருந்தால் அதையே போட்டுக்கொண்டு பேசலாம். மைக் துணியில் உரசினால் கரகரக்கும், அதை மட்டும் பாருங்கள். தகரக் கூரை வீடு என்றால் மழை இல்லாத நேரம், கோயில் ஒலிபெருக்கி பாடாத நேரம் பார்த்து எடுங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப்போகும். காலை எட்டு, ஒன்பது மணி வெளிச்சம் நன்றாக இருக்கும், கரண்ட் போனாலும் கவலை இல்லை. பின்னால் வெறும் சுவர் போதும். காலண்டர், தோரணம், காயப்போட்ட துணி வேண்டாம்.

போனைப் படுக்கைவாக்கில் வையுங்கள். நின்றவாக்கில் எடுத்த சின்ன வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸ் கணக்கில் சேர்த்துவிடும். படுக்கைவாக்கில் எடுத்தால் சாதாரண வீடியோவாகவே இருக்கும், அலுவலகக் கணினியில் பார்ப்பவருக்கும் திரை நிறையத் தெரியும். லென்ஸ் உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மேஜை மேல் நான்கு புத்தகம் அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தால் சரியாக வரும்.

பார்வைதான் பலருக்கும் தவறும் இடம். முன் கேமராவில் எடுக்கும்போது திரையில் தெரியும் நம் முகத்தையே பார்ப்போம், பார்ப்பவருக்கு நாம் வேறெங்கோ பார்ப்பது போலத் தெரியும். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, அந்தப் பொட்டிடம் பேசுங்கள். தாளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிப் படிக்க நினைக்காதீர்கள். கண் இடமிருந்து வலமாக ஓடுவது அப்படியே பதிவாகும்.

முழுவதையும் ஒரே மூச்சில் எடுங்கள். நடுவில் தடுமாறினால் முதலில் இருந்து. துண்டு துண்டாக எடுத்து ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் தலை துள்ளும். எடுத்து முடித்ததும் திரையைக் கவிழ்த்து வைத்து, சத்தத்தை மட்டும் ஒரு முறை கேளுங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு, படத்தை மட்டும் ஒரு முறை பாருங்கள். சேர்த்துப் பார்க்கும்போது தெரியாத குறை பிரித்துப் பார்த்தால் தெரியும்.

ஆறாம் படி: எழுத்தைச் சேர்ப்பது

லிங்க்ட்இன்னில் பதிவைக் கடந்து போகும்போது வீடியோ தானாக ஓடத் தொடங்கும், சத்தம் இருக்காது. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் சத்தத்தைத் திறப்பார் என்ற உறுதியும் இல்லை. அதனால் நீங்கள் பேசுவது கீழே எழுத்தாகவும் ஓட வேண்டும். தமிழில் தானாக வரும் எழுத்தை அப்படியே நம்ப வேண்டாம். எழுதிய தாள்தான் கையில் இருக்கிறதே, நீங்களே போடுங்கள். யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இப்படி எழுதி, பெயரின் முடிவில் `.srt` என்று வைத்து ஏற்றலாம்:

```
1
00:00:01,000 --> 00:00:05,500
மன்னார்குடியில ஒரு அரிசி ஆலையில
ரெண்டு வருஷமா கணக்கு பாக்குறேன்.

2
00:00:05,500 --> 00:00:09,500
நெல் வரவுலேருந்து அரிசி பில் வரைக்கும்
டேலியில நான்தான் போடுறேன்.
```

ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கோப்பைச் சேமிக்கும்போது `UTF-8` என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக மாறிவிடலாம்.

ஏழாம் படி: எங்கே வைப்பது

யூடியூபில் ஏற்றும்போது மூன்று நிலை காட்டும். `Public` என்றால் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். `Unlisted` என்றால் இணைப்பு கையில் இருப்பவர் பார்க்கலாம், தேடினால் வராது. `Private` என்றால் நீங்களும் நீங்கள் அழைத்தவரும் மட்டும். நமக்கு வேண்டியது `Unlisted`. பாதுகாப்பு என்று நினைத்து `Private` வைத்துவிட்டு இணைப்பை அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. உங்கள் போனில் நன்றாக ஓடும், ஏனென்றால் அது உங்கள் கணக்கு. ஹெச்.ஆருக்கு வீடியோ கிடைக்கவில்லை என்று வரும். அவர் அதைச் சொல்வதற்காக உங்களைக் கூப்பிட மாட்டார். அனுப்பும் முன் தம்பி போனிலோ தோழி போனிலோ ஒரு முறை திறந்து பாருங்கள்.

அந்த இணைப்பை லிங்க்ட்இன் பக்கத்தில் `Featured` பகுதியில் சேர்க்கலாம். ரெஸ்யூமில் பெயருக்குக் கீழே ஒரு வரியாகவும் போடலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது அளவைக் குறைத்துத் தரத்தைக் கெடுக்கும், ஆவணமாக அனுப்பினால் எடுத்தபடியே போகும். அப்படி அனுப்பும்போது கோப்பின் பெயர் போன் வைத்த எண் வரிசையாக இல்லாமல் உங்கள் பெயர், வேலை, ஊர் தெரியும்படி இருக்கட்டும்.

வீடியோவிலோ அதன் கீழ்க் குறிப்பிலோ போன் எண்ணைப் போடாதீர்கள். பொதுவில் எண் கிடந்தால் "வேலை உறுதி, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று அழைப்பவர்கள் வருவார்கள். ரெஸ்யூமில் எண் இருந்தால் போதும். அதையும் விண்ணப்பிக்கும் இடத்துக்கு மட்டும் முழுதாகக் கொடுங்கள், பக்கத்தில் வைக்கும் பிரதியில் மின்னஞ்சல் முகவரி மட்டும் இருக்கட்டும்.

ஆலை முதலாளிக்குத் தெரியுமா?

சின்ன ஊரில் வேலை பார்ப்பவர்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும். மன்னார்குடியில் எடுத்த வீடியோ திருச்சிக்குப் போய்ச் சேரும் முன் ஆலை முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். உறவினர், வியாபாரி, லாரிக்காரர் என்று யாராவது ஒருவர் அனுப்பிவிடுவார். முடிந்தால் முதலில் அவரிடமே சொல்லிவிடுங்கள்: "அண்ணாச்சி, திருச்சிப் பக்கம் பெரிய இடமா பாக்கலாம்னு இருக்கேன், ஆள் கிடைக்கிற வரைக்கும் இருந்து சொல்லிக்கொடுத்துட்டுத்தான் போவேன்." சொல்லும் சூழ்நிலை இல்லை என்றால் `Unlisted` இணைப்பை விண்ணப்பித்த இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள், பக்கத்தில் வைக்காதீர்கள்.

இரண்டு நிலையிலும் ஆலையின் பெயர், யாரிடம் நெல் வாங்குகிறார்கள், மாதம் எவ்வளவு விற்பனை என்பதெல்லாம் வாயில் வரக்கூடாது. அவை உங்கள் கையில் இருந்தாலும் உங்களுடையவை அல்ல. பின்னணியில் பில் புத்தகமோ, டேலி திறந்திருக்கும் திரையோ தெரியவே கூடாது. கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர் இதைக் கண்டிப்பாகக் கவனிப்பார். இன்னொருவர் கணக்கை ஊருக்குக் காட்டும் ஆளை எந்த மேலாளரும் எடுக்க மாட்டார்.

கூப்பிட்ட பிறகு

வீடியோவில் சொன்ன அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் முதல் கேள்விகள் வரும். நம் உதாரணப் பெண்ணிடம் இப்படிக் கேட்கலாம்: பிரிப்பதற்கு முன் போட்ட பில்களை என்ன செய்தீர்கள்? லேபிள் இல்லாத பைக்கு என்ன வரி? தவிடு, உமி விற்பனையை எந்தக் கணக்கில் வைத்தீர்கள்? கடைக்காரர் 26 கிலோ மூட்டையைத் திருப்பி அனுப்பினால் எப்படிப் பதிவு செய்வீர்கள்? ஒவ்வொன்றுக்கும் தான் செய்ததைச் செய்தபடி சொல்லப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். தான் செய்யாத பகுதி என்றால் "அது ஆடிட்டர் அலுவலகத்தில் செய்தார்கள்" என்று சொல்லலாம். டேலியைத் திறந்து வைத்து, புதிதாக ஒரு சரக்கு உருவாக்கி அதற்கு வரி பதிந்து காட்டச் சொன்னால் கை தயங்காமல் செய்ய வேண்டும். போவதற்கு முந்தைய நாள் அதை மட்டும் இரண்டு, மூன்று தடவை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.